ரொட்டியில் குறைந்த கால் கிராம்: பிரிட்டனின் உப்புக் குறைப்புத் திட்டம், 2003 முதல் 2019 வரை – ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த நிகழ்வை எடுத்துக்கொண்ட காரணம்

உப்பைக் குறைக்கச் சொல்லாத மருத்துவர் இல்லை. ஆனால் ஒரு நாடு முழுவதும் உப்பு குறைந்ததா என்பதைச் சிறுநீரை அளந்து உறுதிசெய்த இடங்கள் மிகச் சில. பிரிட்டன் அவற்றில் ஒன்று. அங்கே ஏழெட்டு ஆண்டுகள் உப்பு இறங்கியது, பிறகு நின்றது, அதன் பின் சற்றே ஏறவும் செய்தது. இறங்கியதற்கும் நின்றதற்கும் காரணம் தெளிவாகத் தெரிகிறது என்பதால் இந்த நிகழ்வு பாடமாகப் படிக்கத் தகுந்தது. நடந்ததைப் பெரும்பாலும் ஒரே பொருளின் வழியாகப் பார்க்கலாம். அது பொட்டலத்தில் துண்டு போட்டு விற்கும் ரொட்டி.

அலகைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. ஆய்வகம் சோடியத்தை அளக்கிறது, மக்களிடம் பேசும்போது உப்பு என்கிறோம். சோடியத்தின் எடையை 2.5ஆல் பெருக்கினால் உப்பின் எடை வரும். ஒரு பொட்டலத்தில் 100 கிராமுக்கு 400 மில்லிகிராம் சோடியம் என்று போட்டிருந்தால் 1 கிராம் உப்பு என்று பொருள். இந்தப் பெருக்கலைச் செய்யாமல் சோடியம் எண்ணையே உப்பு என்று வாசிப்பது படித்தவர்களிடமும் காணப்படும் பிழை.

பின்னணி

1980களில் கேம்பிரிட்ஜில் ஓர் எளிய சோதனை நடந்தது. வீடுகளில் சமையலுக்கும் மேசைக்கும் வைத்திருந்த உப்பை எடுத்துவிட்டு, சிறிதளவு லித்தியம் கலந்த உப்பைக் கொடுத்தார்கள். லித்தியம் சாதாரண உணவில் மிகச் சொற்பமாகவே இருக்கும். எனவே சிறுநீரில் வரும் லித்தியத்தைக் கொண்டு, உடலுக்குள் போன மொத்த உப்பில் வீட்டு உப்பு எவ்வளவு என்று கணக்கிட முடிந்தது. விடை சுமார் 15 சதவீதம். உணவுப் பொருளில் இயற்கையாக இருப்பதைக் கழித்தால், மீதி ஏறக்குறைய முக்கால் பங்கு உப்பை ஆலையிலோ உணவகத்திலோ யாரோ ஏற்கெனவே போட்டுவிடுகிறார்கள். சாப்பிடுபவர் மேசையில் உப்புக் குப்பியைத் தொடாமலே இருந்தாலும் பெரிய மாற்றம் வராது.

1994இல் அரசின் ஆலோசனைக் குழு ஒன்று நாளுக்கு 6 கிராம் உப்பு என்ற இலக்கைப் பரிந்துரைத்தது. உணவுத் தொழில் எதிர்த்தது. உப்பு பற்றிய அந்தப் பகுதியை அரசு ஏற்கவில்லை. 1996இல் மருத்துவ அறிஞர்கள் சிலர் சேர்ந்து ஓர் அழுத்தக் குழுவைத் தொடங்கினார்கள். 2003இல் ஊட்டச்சத்துக்கான அறிவியல் ஆலோசனைக் குழு சான்றுகளை மறுபடி அலசி, அதே 6 கிராமை உறுதிசெய்தது. இந்த முறை உணவுத் தர முகமை என்ற அரசு அமைப்பு அதைக் கையில் எடுத்தது.

அப்போது பெரியவர்களின் சராசரி நாளுக்கு 9.5 கிராம். இது 2000–01இல் 24 மணி நேரச் சிறுநீரிலிருந்து கிடைத்த எண்.

சோடியமும் பொட்டாசியமும்

உப்பு கூடினால் இரத்த அழுத்தம் கூடுவதை வெறும் ‘தண்ணீர் சேர்கிறது’ என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம். அதில் பாதிதான் உண்மை. மறுபாதி பொட்டாசியத்தில் இருக்கிறது.

சிறுநீரகத்தின் நுண்குழலில், கடைசிப் பகுதிக்குச் சற்று முன்னால், சோடியத்தையும் குளோரைடையும் ஜோடியாகத் திரும்ப உடலுக்குள் இழுக்கும் ஒரு புரத வாயில் உண்டு. இரத்த அழுத்தத்துக்குத் தரும் தயசைடு வகை மாத்திரைகள் அடைப்பது இந்த வாயிலைத்தான். இரத்தத்தில் பொட்டாசியம் குறையும்போது இந்த வாயில் அகலத் திறக்கிறது. உடல் பொட்டாசியத்தைக் காப்பாற்ற முயல்கிறது, அதற்கு விலையாகச் சோடியத்தைப் பிடித்துவைக்கிறது. பொட்டாசியம் போதுமான அளவு வந்தால் வாயில் ஒடுங்குகிறது, சோடியம் சிறுநீரோடு போகிறது. ஆகவே ஒரே அளவு உப்பைத் தின்கிற இருவரில், காய்கறியும் பருப்பும் பழமும் குறைவாகத் தின்பவருக்கு அந்த உப்பு கூடுதல் கேடு செய்யும்.

இதை உணவு ஊட்டியே காட்டிய சோதனை 2001இல் அமெரிக்காவில் வெளியானது. 412 பேருக்கு உணவு முழுவதையும் ஆய்வுக் குழுவே சமைத்துக் கொடுத்தது. வழக்கமான அமெரிக்க உணவில் இருந்தவர்களுக்குச் சோடியத்தை உயர்ந்த அளவிலிருந்து தாழ்ந்த அளவுக்கு இறக்கியபோது மேல் அழுத்தம் 6.7 புள்ளி இறங்கியது. காய், பழம், கொழுப்பு குறைந்த பால் நிறைந்த, அதாவது பொட்டாசியம் மிகுந்த உணவில் இருந்தவர்களுக்கு அதே மாற்றம் 3 புள்ளிதான் இறக்கியது. அவர்களுக்கு ஏற்கெனவே அழுத்தம் தாழ்ந்திருந்தது.

இது 2003இல் தெரியாத செய்தி அல்ல. ஆனாலும் பிரிட்டனின் திட்டம் பொட்டாசியத்தைத் தொடவில்லை. அதன் பின்விளைவைக் கீழே பார்க்கலாம்.

எடுத்த முடிவுகள்

முகமை மூன்று காரியங்களைச் செய்தது.

முதலாவது விளம்பரம். 2004இல் ஓடில்லாத நத்தை ஒன்றைப் பாத்திரமாக்கி, உப்பு இதயத்துக்குக் கேடு என்று தொலைக்காட்சியிலும் சுவரொட்டியிலும் சொன்னார்கள். நத்தை மேல் உப்பைப் போட்டால் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும். மனிதன் நத்தை அல்லவே என்ற கேலியும் எழுந்தது. விளம்பரம் மக்களின் கையை நேரடியாகக் கட்டுப்படுத்தியதாகத் தெரியவில்லை. தொழில் நிறுவனங்களுக்கு ‘இந்தப் பேச்சு இனி ஓயாது’ என்று உணர்த்தியதுதான் அதன் உண்மையான பயன் என்பது எங்கள் கணிப்பு.

இரண்டாவதுதான் மையம். 2006 மார்ச்சில் 85 உணவு வகைகளுக்குத் தனித்தனியே இலக்கு வைத்தார்கள். ரொட்டிக்கு ஒன்று, காலைத் தானியத்துக்கு ஒன்று, சாஸுக்கு ஒன்று, பன்றி இறைச்சிக்கு ஒன்று என்று எல்லாம் தனி. 2010க்குள் எட்ட வேண்டும். 2009இல் அவற்றை மேலும் இறக்கி 2012க்கு மாற்றினார்கள். சட்டம் இல்லை, அபராதம் இல்லை. ஆனால் யார் எட்டினார், யார் எட்டவில்லை என்பது வெளியே தெரிந்தது. எட்டாவிட்டால் சட்டம் வரக்கூடும் என்ற எண்ணமும் பின்னால் நின்றது.

எல்லாருக்கும் ஒரே நேரத்தில் இலக்கு வைத்ததன் காரணத்தைக் கவனிக்க வேண்டும். ஒரு ரொட்டி நிறுவனம் தனியாக உப்பைக் குறைத்தால் வாடிக்கையாளர் அடுத்த அடுக்கில் இருக்கும் உப்பான ரொட்டிக்குப் போய்விடுவார். எல்லா ரொட்டியிலும் சேர்ந்து குறைந்தால் அவருக்குப் போக இடமில்லை. அவரது நாக்கும் அதற்குள் பழகிவிடும். நாக்கு பழகும் வேகத்தை 2003இல் ஆஸ்திரேலியாவில் சோதித்திருந்தார்கள். வெள்ளை ரொட்டியில் வாரம் 5 சதவீதம் என்று ஆறு வாரம் குறைத்து, மொத்தத்தில் கால் பங்கு உப்பை எடுத்துவிட்டார்கள். சாப்பிட்டவர்களுக்கு வேறுபாடு தெரியவில்லை.

மூன்றாவது, அளவீடு. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நாட்டு மக்களில் ஒரு மாதிரிக் குழுவின் 24 மணி நேரச் சிறுநீரைத் திரட்டுவது என்று முடிவாயிற்று.

ஆலைக்குள் நடந்தது

பிரிட்டனில் பெரும்பாலான ரொட்டி சில பெரிய ஆலைகளிலிருந்து வருகிறது. அங்கே 1961இல் உருவான சோர்லிவுட் முறையே வழக்கம். மாவை மூன்று நிமிடம் போல மிக வேகமாக அடித்துப் பிசைந்து, நீண்ட நேரம் புளிக்கவிடாமல் நேரே அச்சுக்கு அனுப்புவார்கள். புளிப்பு நேரம் குறைவு என்பதால் ரொட்டிக்குத் தானாக வரும் மணமும் சுவையும் குறைவு. அந்தக் குறையை உப்பு மூடிவந்தது. உப்பை எடுத்தால் ரொட்டி சப்பென்று ஆகும் என்று ஆலைக்காரர்கள் சொன்னதில் உண்மை இருந்தது.

கணக்கை எடுத்துக்காட்டோடு பார்க்கலாம். 100 கிலோ மாவு, 60 கிலோ தண்ணீர், இரண்டு கிலோ போல ஈஸ்ட், இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக உப்பு. பிசைந்த மாவு ஏறக்குறைய 164 கிலோ வரும். அடுப்பில் ஈரம் போக 144 கிலோ ரொட்டி என்று வைத்துக்கொள்வோம். 2001இல் கடைகளில் இருந்த ரொட்டியின் சராசரி உப்பு 100 கிராமுக்கு 1.23 கிராம். அப்படியானால் 100 கிலோ மாவுக்கு 1.77 கிலோ உப்பு போயிருக்கிறது. 2011இல் சராசரி 0.98 கிராம். அதற்கு 1.41 கிலோ போதும். நூறு கிலோ மாவில் 360 கிராம் குறைப்பு, அதாவது ஐந்தில் ஒரு பங்கு. 90 கிராம் வீதம் நான்கு படியாக இறங்கினால் ஒவ்வொரு படியும் 5 சதவீதம்தான்.

சொல்வது எளிது. உப்பு ரொட்டிக்குள் சுவைக்காக மட்டும் இல்லை. அது ஈஸ்ட்டுக்குக் கடிவாளம். உப்பு குறைந்தால் ஈஸ்ட் துள்ளும். மாவு குறித்த நேரத்துக்கு முன்பே உப்பிவிடும், அடுப்புக்குப் போகும்போது தளர்ந்து நடுவில் அமுங்கும், வெட்டினால் உள்ளே பெரிய துளைகள். சர்க்கரையை ஈஸ்ட் கூடுதலாகத் தின்றுவிடுவதால் மேல் தோல் வெளிறிப்போகும். மாவின் பசைப் புரதமும் உப்பு இல்லாமல் தளர்ந்து, பிசைந்த மாவு இயந்திரத்தில் ஒட்டும். ஒட்டினால் வரிசை நிற்கும். ஆலைக்காரருக்குச் சுவையைவிடப் பெரிய தலைவலி இதுதான்.

இவற்றுக்குத் தனித்தனி மாற்று இருந்தது. ஈஸ்ட்டைச் சிறிது குறைப்பது, தண்ணீரை ஓரிரு சதவீதம் இறக்குவது, பிசைந்த மாவின் வெப்பத்தை ஒன்றிரண்டு டிகிரி தாழ்த்துவது, புடைக்கவிடும் அறையின் நேரத்தைச் சுருக்குவது. எது தவறு என்பதை ரொட்டியே காட்டிக்கொடுக்கும். தோல் வெளிறி உள்ளே துளை பெரிதாக இருந்தால் ஈஸ்ட் மிகுதி. நிறம் சரியாக இருந்து மாவு மட்டும் ஒட்டினால் தண்ணீர் மிகுதி. இரண்டையும் ஒரே நாளில் மாற்றிப் பார்த்தால் எது உதவியது என்று தெரியாமல் போகும். ஒரு படியை இறக்கி, சரிசெய்து, சில வாரம் அதிலேயே ஓட்டி, பிறகு அடுத்த படிக்குப் போவதே நாக்குக்கும் இயந்திரத்துக்கும் ஏற்றது.

உறையில் ‘உப்பு குறைவு’ என்று அச்சடித்து விற்பது இங்கே உதவாது. அந்தச் சொல்லைப் பார்த்ததும் வாங்குபவர் சுவை குறைவு என்று முன்கூட்டியே தீர்மானித்துவிடுவார், வீட்டில் உப்பைத் தூவிக்கொள்ளவும் கூடும். அறிவிக்காமல் இறக்குவதே இந்த முறையின் பலம்.

எல்லா உணவும் ரொட்டி போல இசையவில்லை. பன்றித் தொடை இறைச்சியிலும் பாலாடைக்கட்டியிலும் உப்பு கிருமியைத் தடுக்கிறது, நீரைப் பிடித்துவைக்கிறது. இறைச்சியில் உப்பைக் குறைத்தால் நீர் கசிந்து எடை குறையும். விற்பவருக்கு அது நேரடி நட்டம். அந்த வகைகளில் இலக்குகள் மெதுவாகவே இறங்கின. ரசாயன முறையில் புடைக்கவைக்கும் பண்டங்களில் வேறொரு பொறி இருந்தது. உப்பையே போடாவிட்டாலும் சமையல் சோடாவின் எடையில் 27 சதவீதம் சோடியம்தான். உப்பை மட்டும் குறைத்துவிட்டுச் சோடாவை மறந்தவர்களின் சோடியம் எண் இறங்க மறுத்தது.

அளந்த விதம்

உப்பை எவ்வளவு சாப்பிட்டீர்கள் என்று கேட்டு எழுதினால் எண் எப்போதும் குறைவாகவே வரும். யாருக்கும் தெரியாது. தின்ற சோடியத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு சிறுநீரில் வெளியேறுவதால், ஒரு முழு நாளின் சிறுநீரைத் திரட்டுவதே நம்பத்தக்க வழி.

காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரை விட்டுவிட வேண்டும். அதன் பின் மறுநாள் காலை முதல் சிறுநீர் வரை எல்லாவற்றையும் ஒரு பெரிய குப்பியில் சேர்க்க வேண்டும். வேலைக்குப் போகிறவர் அலுவலகத்துக்கும் குப்பியைக் கொண்டுபோக வேண்டும். ஒரே ஒரு தடவை கழிப்பறையில் விட்டுவந்தால் கூட அந்த நாளின் உப்பு குறைவாகத் தெரியும். இந்த ஓட்டையை அடைக்க, பங்கேற்பவர்களுக்கு அன்று ஒரு பாதிப்பில்லாத சேர்மம் அடங்கிய மாத்திரைகளை மூன்று வேளை கொடுத்தார்கள். அது முழுமையாகச் சிறுநீரில் வெளியேறும். குப்பியில் அதன் பெரும்பகுதி இருந்தால் சேகரிப்பு முழுமை. இல்லாவிட்டால் அந்தக் குப்பியை அப்படியே நம்ப முடியாது.

தொடர்ந்தது: 2011 வரை

2000–01இல் 9.5 கிராமாக இருந்த சராசரி 2011இல் 8.1 கிராம் ஆயிற்று. 15 சதவீத வீழ்ச்சி. ரொட்டியின் பங்கை மட்டும் பார்த்தால், நாளுக்கு 40 கிராம் துண்டு நான்கு தின்பவருக்கு 2001இல் ரொட்டியிலிருந்து 1.97 கிராம் உப்பு, 2011இல் 1.57 கிராம். அவர் எதையும் மாற்றிக்கொள்ளாமலே 0.4 கிராம் குறைந்திருக்கிறது.

மாற்றம் யாரால் வந்தது என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். கடைகளில் மக்கள் வாங்கியதன் பதிவுகளை ஆராய்ந்த பொருளியலாளர்கள், உப்பின் வீழ்ச்சி முழுவதும் உற்பத்தியாளர் செய்முறையை மாற்றியதால் வந்தது என்று கண்டார்கள். மக்கள் ஒரு பொருளை விட்டு வேறு பொருளுக்கு மாறியது எதிர்த்திசையில் சற்று இழுத்திருந்தது.

2003–2011 காலத்தில் இங்கிலாந்து மக்களின் சராசரி மேல் அழுத்தம் 3 புள்ளியும் கீழ் அழுத்தம் 1.4 புள்ளியும் இறங்கின. மாத்திரை சாப்பிடாதவர்களை மட்டும் பிரித்து, மற்ற காரணிகளைச் சரிசெய்து பார்த்தபோதும் 2.7க்கு 1.1 என்ற இறக்கம் நின்றது. அதே காலத்தில் பக்கவாத இறப்பு 42 சதவீதம் குறைந்தது. இந்த 42ஐ முழுவதும் உப்பின் கணக்கில் எழுதுபவர்களைப் பார்த்திருக்கிறோம். அது தவறு. புகைப்பழக்கம் குறைந்தது, கொலஸ்ட்ரால் குறைந்தது, சிகிச்சை மேம்பட்டது. உப்பை அளந்த மாதிரிக் குழுவும் அழுத்தத்தை அளந்த மாதிரிக் குழுவும் வெவ்வேறு ஆட்கள். ஆகவே இது ஒரே ஆளிடம் காரணத்தையும் விளைவையும் தொடர்ந்து பார்த்த ஆய்வு அல்ல. அழுத்த இறக்கத்தில் உப்புக்குக் கணிசமான பங்கு உண்டு என்று சொல்லலாம். அதற்கு மேல் போகக்கூடாது.

நின்றது: 2011க்குப் பிறகு

2010இல் ஊட்டச்சத்துப் பொறுப்பு முகமையிடமிருந்து சுகாதாரத் துறைக்குப் போனது. 2011இல் தொழில் நிறுவனங்கள் தாமே உறுதிமொழி எடுத்துக்கொள்ளும் ‘பொறுப்பு உடன்படிக்கை’ வந்தது. இலக்குகள் காகிதத்தில் இருந்தன. தனித்து நின்று கண்காணித்து வெளியே சொல்லும் அமைப்பு இல்லாமற்போயிற்று. புதிய இலக்குகள் 2014இல்தான் வந்தன, 2017க்கு.

பின்னர் செய்த பகுப்பாய்வில், 2003–2010இல் ஆண்களிடம் ஆண்டுக்கு 0.20 கிராம், பெண்களிடம் 0.12 கிராம் என்றிருந்த குறையும் வேகம், 2011–2014இல் 0.11, 0.07 என்று ஏறக்குறைய பாதியானது தெரிந்தது. 2014இல் சராசரி 8.0 கிராம். 2018–19இல் 8.4. ஆய்வக அளவீடுகளைத் திருத்தியபோது இடைப்பட்ட சில எண்கள் சிறிது மாறின. ஆனால் இறங்கி, பின் தேங்கியது என்ற வடிவம் மாறவில்லை.

ரொட்டிக் கடை அலமாரியிலேயே அதன் தடயம் இருந்தது. 2011இல் சராசரி 0.98 கிராம் என்றாலும், ஒரு ரொட்டியில் 0.58 கிராம், இன்னொன்றில் 2.83 கிராம். சராசரியை மட்டும் இலக்காக வைத்தால், உப்பான ஒன்றை இலேசான ஒன்று மறைத்துவிடுகிறது. 0.58இல் ரொட்டி சுட்டு விற்க முடிந்திருக்கிறது என்றால், 2.83க்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் இருக்க முடியாது.

விட்டுப்போன பாதி

திட்டத்தின் முதல் பதினைந்து ஆண்டுகள் பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பை அரசு ஊக்குவிக்கவில்லை. இரண்டு காரணம். ஒன்று, மாற்று உப்பும் உப்புச் சுவையே தருவதால் நாக்கு உப்பிலிருந்து இறங்காது. மற்றது, சிறுநீரகம் பழுதானவர்களுக்குப் பொட்டாசியம் இரத்தத்தில் தேங்கி, இதயத் துடிப்பையே குலைத்துவிடும். இரண்டும் பொய்யல்ல. ஆனால் ஒரு புறம் ஆபத்தை மட்டும் எடைபோட்டு மறுபுறம் வரும் நன்மையை எடைபோடாமல் விட்டார்கள்.

2017இல் ஊட்டச்சத்துக் குழுவும் நச்சியல் குழுவும் சேர்ந்து அமர்ந்து, மக்கள்தொகை அளவில் நன்மையே மிகுதி என்று கருத்துத் தெரிவித்தன. 2021இல் சீனக் கிராமங்களிலிருந்து வந்த முடிவு அதற்கு வலுவூட்டியது. 600 கிராமங்களில் 20,995 பேர். அனைவரும் பக்கவாதம் வந்தவர்கள் அல்லது 60 வயதைத் தாண்டி அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்கள். பாதிக் கிராமங்களுக்குச் சாதாரண உப்பு, பாதிக்கு நூற்றுக்கு 25 பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பு. ஐந்தாண்டு போலத் தொடர்ந்ததில் பக்கவாதம் 14 சதவீதமும் இறப்பு 12 சதவீதமும் குறைந்தன. பொட்டாசியம் மிகையால் வரும் கேடு கூடியதாகத் தெரியவில்லை. ஆனால் கடுமையான சிறுநீரக நோய் உள்ளவர்களை அதில் சேர்க்கவில்லை என்பதை மறக்கக்கூடாது.

ரொட்டிக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். 1.41 கிலோ உப்பில் கால் பங்கை, அதாவது 350 கிராமை, பொட்டாசியம் குளோரைடாக மாற்றுவோம். 100 கிராம் ரொட்டியில் அது 0.24 கிராம். அதன் எடையில் பாதிக்குச் சற்று மேல் பொட்டாசியம். நாலு துண்டு தின்பவருக்கு நாளுக்கு 200 மில்லிகிராம் பொட்டாசியம் கூடும், உப்பு 0.39 கிராம் மேலும் குறையும். ஆலைக்கு இன்னொரு வசதியும் உண்டு: பொட்டாசியம் குளோரைடும் ஈஸ்ட்டை அடக்கும் என்பதால், உப்பை வெறுமனே எடுத்தபோது வந்த துள்ளல் இங்கே வராது. எல்லை சுவையில் இருக்கிறது. 30 சதவீதத்தைத் தாண்டினால் நாக்கின் ஓரத்தில் கசப்பும் உலோகச் சுவையும் தட்டும். வெள்ளை ரொட்டியில் அது சீக்கிரம் தெரியும், முழுக்கோதுமையிலோ விதை கலந்ததிலோ தாமதமாகும்.

மறுபடி செய்தால் மாற்றுவது

இலக்கில் சராசரியோடு உச்சவரம்பும் முதல் நாளிலிருந்தே வேண்டும். பிரிட்டன் பின்னாளில் இதைச் சேர்த்துக்கொண்டது. விருப்ப உறுதிமொழியை நம்புவதற்குப் பதில், தென் ஆப்பிரிக்கா 2013இல் செய்தது போலச் சட்டத்திலேயே எழுதிவிடலாம். அங்கே ரொட்டிக்கு 100 கிராமுக்கு 400 மில்லிகிராம் சோடியம் என்ற வரம்பு 2016 ஜூன் 30 முதல் அமலுக்கு வந்தது, 2019இல் 380 ஆக இறங்கியது. சிறுநீர் அளவீட்டுக்கு நடுவே நான்கைந்து ஆண்டு விட்டதும் தவறு. தேக்கம் தொடங்கியதை அறியவே காலம் கடந்துவிட்டது. உணவகங்களும் எடுத்துச் செல்லும் உணவும் ஆலைகளைவிடப் பின்தங்கின, அவற்றைத் தொடக்கத்திலேயே சேர்த்திருக்க வேண்டும். பொட்டாசியத்தை இரண்டாம் கட்டமாக, நாக்கு ஓரளவு இறங்கிய பிறகு, சேர்ப்பது நல்லது. அப்போது அது உப்பைத் தக்கவைக்கும் ஊன்றுகோலாக ஆகாது.

இதைப் படிக்கும் தமிழ் வாசகர் நம் ஊருக்கு அப்படியே எடுத்துவர நினைத்தால் ஓர் இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். கேம்பிரிட்ஜ் சோதனையில் வீட்டு உப்பு 15 சதவீதம். நம் வீடுகளில் கணக்கு ஏறக்குறையத் தலைகீழ். சாம்பார், ரசம், சோறு வடிக்கும்போது போடும் உப்பு, ஊறுகாய், அப்பளம், கருவாடு என்று பெரும்பங்கு அடுப்படியிலேயே சேர்கிறது. பிஸ்கட்டுக்கும் சிப்ஸுக்கும் உடனடி நூடுல்ஸுக்கும் பிரிட்டனின் வகைவாரி இலக்கு பொருந்தும். வீட்டு உப்புக்கு ஆலையில் இலக்கு வைக்க முடியாது, உப்புப் பொட்டலத்தையே மாற்ற வேண்டும். அங்கே சீனக் கிராமங்களின் வழிதான் நெருக்கமானது.

2025 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனமும் பொட்டாசியம் கலந்த குறைசோடிய உப்பை வீட்டுச் சமையலுக்கு நிபந்தனையோடு பரிந்துரைத்தது. கர்ப்பிணிகள், குழந்தைகள், சிறுநீரகம் பழுதானவர்கள் ஆகியோருக்கு அந்தப் பரிந்துரை இல்லை. சிறுநீரகப் பழுது இருப்பது தெரியாமலே நடமாடுபவர்கள் நம்மிடையே நிறைய. அழுத்தத்துக்கு ‘-ப்ரில்’, ‘-சார்டான்’ என்று முடியும் மாத்திரையோ ஸ்பைரோனோலாக்டோனோ சாப்பிடுபவர்களுக்குப் பொட்டாசியம் ஏற்கெனவே உடலில் கூடுதலாகத் தங்கும். நீண்ட நாள் சர்க்கரை நோய் உள்ளவர்களும் இந்த மாத்திரைகளைச் சாப்பிடுபவர்களும் பொட்டலத்தை மாற்றுவதற்கு முன் இரத்தத்தில் கிரியாட்டினினும் பொட்டாசியமும் ஒருமுறை பார்க்க வேண்டும். மாற்றிய சில வாரத்தில் பொட்டாசியத்தை மறுபடி பார்க்க வேண்டும். ஒரே பானையில் வீடு முழுவதற்கும் சமைக்கும்போது, அந்த வீட்டில் டயாலிசிஸுக்குப் போகும் ஒருவர் இருந்தாலும் அந்த உப்பு அந்த அடுப்படிக்கு வரக்கூடாது.